வானத்தில் கம்பியை நீக்கிய தடம்: குளோன் ஸ்டாம்ப், ஹீலிங் பிரஷ் விட்டுச்செல்லும் வழவழப்பும் மறுபடி மறுபடி வரும் நாய்ஸும்

மாலை வானத்தின் முன் நிற்கும் கோபுரத்தைப் படமெடுத்தால், குறுக்கே ஒரு மின்கம்பி வராமல் இருப்பது அரிது. அந்தக் கம்பியை ஃபோட்டோஷாப்பில் நீக்குவது, புதிதாகக் கற்பவருக்கும் சில நிமிட வேலைதான். முழுப் படமும் திரைக்குள் அடங்கும் அளவில் பார்க்கும்போது கம்பி இருந்த சுவடே தெரியாது. ஆனால் அதே படத்தில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினாலோ, பெரிய தாளில் அச்சிட்டாலோ, கம்பி ஓடிய பாதை நெடுக மெழுகு பூசியது போன்ற ஒரு பட்டை தெரியத் தொடங்கும். அந்தப் பட்டைக்குள் ஒரே வடிவிலான புள்ளிக் கூட்டங்கள் சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதையும் கூர்ந்து பார்ப்பவர் கண்டுகொள்வார்.

இவை இரண்டும் வெவ்வேறு குறைகள், காரணங்களும் வேறு. வழவழப்பு என்பது நாய்ஸ் குறைந்துபோன இடம். மறுபடி வருதல் என்பது நாய்ஸ் குறையாமல், அதன் தற்செயல் தன்மை மட்டும் தொலைந்துபோன இடம். ஒன்றைத் தவிர்க்கச் செய்யும் வேலை மற்றொன்றைக் கொண்டுவருவதும் உண்டு என்பதால், காரணத்தைப் புரிந்துகொண்ட பிறகே படிகளுக்குப் போவது நல்லது.

எடுத்துக்காட்டாக ஒரு படத்தை வைத்துக்கொள்வோம். 6000 × 4000 பிக்சல் அளவு, ஐ.எஸ்.ஓ 1600, மேகமில்லாத மாலை வானம். இடது ஓரத்திலிருந்து சற்றே தொய்ந்து வரும் கம்பி ஒன்று, வலப்பக்கம் கோபுரத்தின் விளிம்பைத் தொடுகிறது. கம்பியின் தடிமன் சுமார் 14 பிக்சல்.

## வழவழப்பு எங்கிருந்து வருகிறது

வானத்தின் எந்த இரு இடங்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றின் சராசரி நிறம் ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம்; ஆனால் ஒவ்வொரு பிக்சலும் அந்தச் சராசரியிலிருந்து மேலும் கீழும் விலகும் விதம் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதது. அந்த விலகலைத்தான் நாய்ஸ் என்கிறோம். தொடர்பில்லாத இரண்டு நாய்ஸைச் சமமாகக் கலந்தால், ஓரிடத்தில் ஒன்று மேலே விலகும்போது மற்றொன்று ஏறக்குறைய பாதித் தடவை எதிர்ப்பக்கம் விலகியிருக்கும். ஆகவே இரண்டும் ஒன்றையொன்று ஓரளவு அழித்துக்கொள்ளும். கணக்கு எளிது:

```
√(0.5² + 0.5²) ≈ 0.71
```

அதாவது 50% ஒபாசிட்டியில் ஒருமுறை குளோன் செய்த இடத்தில், மூல நாய்ஸில் 71% மட்டுமே மிஞ்சும். நிறம் துளியும் மாறாததால் சிறிய அளவில் பார்க்கும் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

மென்மையான விளிம்புள்ள பிரஷ்ஷிலும் இதுவேதான் நடக்கிறது. பிரஷ்ஷின் நடுப்பகுதி 100% புதிய பிக்சல்களை வைக்கிறது. வெளி விளிம்பு 0%. இடையிலுள்ள வளையத்தில் ஏதோ ஓரிடத்தில் பழையதும் புதியதும் பாதிக்குப்பாதி கலந்தே ஆகவேண்டும். அங்கே நாய்ஸ் 71% ஆகிவிடும். ஹார்ட்னஸ் 0% உள்ள 60 பிக்சல் பிரஷ்ஷில் அந்த வளையம் பிரஷ்ஷின் பெரும்பகுதியையே விழுங்கிவிடுகிறது. கம்பியின் பாதை நெடுக இரண்டு வழவழப்பான கோடுகள் இணையாக ஓடுவதாகத் தெரிந்தால், காரணம் இந்த வளையம்தான் என்று உறுதியாகச் சொல்லலாம்.

இதைவிடக் கெடுதலானது, "20% ஒபாசிட்டியில் மெல்ல மெல்லப் பூசுங்கள்" என்று பலரும் கொடுக்கும் யோசனை. முகத்தின் நிழலைச் சரிசெய்ய அது பொருந்தலாம். நாய்ஸ் உள்ள வானத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. ஒவ்வொரு பூச்சுக்கும் வேறு வேறு இடத்திலிருந்து சாம்பிள் எடுத்து 20% ஒபாசிட்டியில் பத்துப் பன்னிரண்டு முறை பூசினால், அங்கே மிஞ்சும் நாய்ஸ் மூலத்தின் மூன்றில் ஒரு பங்கை நெருங்கிவிடும். பல இடங்களின் சராசரியை நாமே கையால் எடுப்பதற்கு அது சமம். அதே தூரத்தில் அதே மூலத்திலிருந்து மறுபடி மறுபடி பூசினால் நாய்ஸ் குறையாது. மூலத்தின் நாய்ஸ் அப்படியே வந்து சேரும். ஆனால் அதற்கு ஒரே தடவை 100% ஒபாசிட்டியில் பூசிவிடலாமே!

மூன்றாவது காரணம் மூல இடமே நாய்ஸ் குறைந்ததாக இருப்பது. வானம் முழுதும் ஒரே அளவு நாய்ஸ் இருக்கும் என்று நினைப்பது இயல்பு, அப்படி இருப்பதில்லை. லென்ஸின் மூலை இருட்டை ரா கன்வெர்ட்டரில் சரிசெய்திருந்தால், மூலைகளை வெளிச்சமாக்கியபோது அங்கிருந்த நாய்ஸும் கூடவே பெரிதாகியிருக்கும். ஆகவே படத்தின் நடுவானத்திலிருந்து சாம்பிள் எடுத்து மூலையில் வைத்தால், நிறத்தை ஹீலிங் பிரஷ் பொருத்திவிடும். நாய்ஸின் அளவு பொருந்தாது. ஹீலிங் பிரஷ் மூலத்திலிருந்து நுண் அமைப்பை எடுத்துக்கொண்டு, சேருமிடத்தின் ஓரங்களைப் பார்த்து நிறத்தையும் வெளிச்சத்தையும் மட்டுமே சரிசெய்கிறது. நாய்ஸ் எவ்வளவு இருக்கவேண்டும் என்று அது கணிப்பதில்லை.

குளோன் சோர்ஸ் பேனலில் மூலத்தைச் சில டிகிரி திருப்புவதும், அளவை மாற்றுவதும் நான்காவது காரணம். அப்போது பிக்சல்கள் தம் இடங்களுக்கு நடுவே விழுவதால், அக்கம்பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து புதிய மதிப்பு கணக்கிடப்படுகிறது. கலந்தாலே நாய்ஸ் குறையும். இடவலமாகவோ தலைகீழாகவோ புரட்டுவதில் இந்தக் கேடு இல்லை. பிக்சல்கள் இடம் மாறுகின்றனவே தவிரக் கலப்பதில்லை.

## மறுபடி வரும் நாய்ஸ் எங்கிருந்து வருகிறது

இதற்கு முதல் குற்றவாளி Aligned என்ற தேர்வு அணைந்திருப்பது. அது அணைந்திருந்தால், மவுஸை விட்டுவிட்டு மீண்டும் அழுத்தும் ஒவ்வொரு முறையும் முதலில் Alt அழுத்திக் குறித்த அதே புள்ளியிலிருந்தே பிரதி தொடங்கும். கம்பியை இருபது சிறு துண்டுகளாக நீக்கினால், வானத்தின் ஒரே சிறு பகுதி இருபது முறை வரிசையாக அச்சாகிவிடும். தனித்தனிப் புள்ளிகளைக் கண் கவனிக்காவிட்டாலும், சற்றே கருத்த ஒரு புள்ளிக்கூட்டம் சம இடைவெளியில் வருவதை எளிதில் பிடித்துவிடும்.

இரண்டாவது, Aligned இயங்கும்போதும் நேர்வது. கம்பி ஓடும் திசையிலேயே, அதாவது இப்போதுதான் சுத்தம் செய்த இடத்திலிருந்து, சாம்பிள் எடுத்துக்கொண்டு முன்னேறும் பழக்கம் பலருக்கும் உண்டு. 80 பிக்சல் தள்ளி எடுத்துக்கொண்டே போனால், முதல் 80 பிக்சல் நீளம் இரண்டாவது 80-க்குப் போகும்; அடுத்த தடவை இழுக்கும்போது அதுவே மூன்றாவதற்குப் போகும். சாம்பிள் பிரதியிலிருந்து எடுக்கப்படுகிறது என்பதே இங்கே சிக்கல். வானம் மேகமற்று இருந்தால் இது ஒளிந்துகொள்ளும்; லேசான மேகக் கோடு ஒன்று இருந்தாலும் ஏணிப்படிபோல அடுக்கடுக்காகத் தெரிந்துவிடும்.

## நீக்கும் முறை, படிப்படியாக

1. ரா கன்வெர்ட்டரில் நாய்ஸ் குறைப்பை முதலிலேயே முடித்துவிடுங்கள். அச்சுக்கான ஷார்ப்பனிங்கைக் கடைசிக்கு ஒத்திப்போடுங்கள். ரீடச் செய்த பிறகு ஷார்ப்பன் செய்தால், பட்டைக்கும் வானத்துக்கும் எஞ்சியுள்ள வேறுபாடு பெரிதாகித் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் ஷார்ப்பன் செய்த படத்தில் ரீடச் செய்தால் கம்பியின் இருபுறமும் வெளுத்த ஓரக்கோடு உருவாகி, நீக்கவேண்டிய அகலமே கூடிவிடும். பின்னது பெரிய தொல்லை.

2. படத்துக்கு மேல் ஒரு காலி லேயரை உருவாக்கி, கருவியின் Sample பட்டியலில் Current & Below என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூலப் படம் தொடப்படாமல் இருக்கும். பிறகு சோதிக்கவும் திருத்தவும் இந்தத் தனி லேயர் மிகவும் உதவும். Aligned இயங்குகிறதா என்பதை இப்போதே பார்த்துவிடுங்கள்.

3. காட்சியை 100%-இல் வையுங்கள். 33%-இல் திரையின் ஒரு பிக்சல், படத்தின் சுமார் ஒன்பது பிக்சல்களின் சாரமாக இருப்பதால் நாய்ஸே ஒழுங்காகத் தெரியாது. 300%-இல் நாய்ஸ் தெரியும், ஆனால் பட்டையாகச் சேர்ந்து தெரிவது தெரியாது.

4. திறந்த வானத்தில் ஹீலிங் பிரஷ்ஷை எடுங்கள். அளவு 22 பிக்சல். கம்பியைவிட இருபுறமும் நான்கு பிக்சல் கூடுதல் போதும். ஹார்ட்னஸை 100% வையுங்கள். குளோன் ஸ்டாம்ப்பில் இப்படிக் கடினமான விளிம்பு வைத்தால் நிறவேறுபாடு கோடாகத் தெரியும் என்று அஞ்சவேண்டும். ஹீலிங் பிரஷ் ஓரங்களில் நிறத்தைத் தானே பொருத்துவதால் அந்த அச்சம் வேண்டாம், கலப்பு வளையமும் உருவாகாது. Diffusion என்ற அளவுகோல் 1 முதல் 7 வரை செல்லும். நுண் விவரமும் கிரெயினும் உள்ள படத்துக்குக் குறைந்த எண்ணே ஏற்றது என்பதால் 2 அல்லது 3-இல் தொடங்குங்கள். ஏதோ காரணத்தால் மென்மையான பிரஷ்தான் வேண்டுமென்றால், Mode பட்டியலில் Replace-ஐத் தேர்ந்தெடுங்கள். பூச்சின் ஓரத்தில் நாய்ஸையும் கிரெயினையும் காப்பதற்கென்றே அது வைக்கப்பட்டிருக்கிறது.

5. சாம்பிளைக் கம்பிக்குக் குறுக்காக, மேலேயோ கீழேயோ 50 முதல் 120 பிக்சல் தள்ளி எடுங்கள். கம்பி ஓடும் திசையில் எடுக்காதீர்கள். குறுக்காக எடுக்கும்போது மூலமும் சேருமிடமும் படத்தின் மையத்திலிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் இருக்கும் என்பதால் நாய்ஸின் அளவும் பொருந்தும். இன்னும் தொடப்படாத வானத்திலிருந்தே பிரதி எடுக்கிறோம் என்பதும் உறுதியாகும்.

6. கம்பியின் ஒரு முனையில் ஒருமுறை அழுத்தி, Shift-ஐப் பிடித்துக்கொண்டு சற்றுத் தள்ளி மறுபடி அழுத்தினால் இரண்டுக்கும் இடையே நேர்கோட்டில் பிரஷ் ஓடும். கம்பி தொய்ந்திருப்பதால் 300 முதல் 500 பிக்சல் நீளத் துண்டுகளாகப் போகவேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் புதிதாக Alt அழுத்திச் சாம்பிளை மாற்றுங்கள்: ஒருமுறை மேலே 70 பிக்சல், அடுத்து கீழே 110, பிறகு மேலே 55 என்று ஒழுங்கில்லாமல் மாறட்டும். எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே தூரத்தை வைத்தால், கம்பிக்கு மேலுள்ள வானத்தின் ஒரு முழுப் பட்டை அப்படியே கீழே இரட்டித்துவிடும்.

ஒரு துண்டு சரியாக அமையவில்லையென்றால் அதன் மேலேயே மறுபடி பூசாதீர்கள். Ctrl+Z அழுத்திவிட்டுப் புதிய சாம்பிளுடன் ஒரே தடவையில் பூசுங்கள். வழவழப்பான பட்டைகளில் பெரும்பாலானவை, சரியாக வரும்வரை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசியதால் வந்தவைதாம்.

7. கோபுரத்தின் விளிம்புக்கு 40 பிக்சல் முன்பே நிறுத்திவிடுங்கள். ஹீலிங் பிரஷ் ஓரங்களின் நிறத்தை உள்ளே பரப்பும் கருவி. கோபுரத்தின் கருமை அதன் ஓரத்தில் பட்டால், வானத்துக்குள் மங்கலான ஓர் அழுக்கு ஊறும். அதைத் தடுக்க, வானப் பகுதியை மட்டும், விளிம்பைத் துல்லியமாகப் பின்பற்றும்படி செலக்ட் செய்துகொண்டு ஹீல் செய்யலாம்; செலக்‌ஷனுக்கு வெளியே உள்ள நிறம் உள்ளே கசியாது. இல்லையென்றால், கடைசி 40 பிக்சலுக்கு மட்டும் குளோன் ஸ்டாம்ப்பை 80% ஹார்ட்னஸ், 100% ஒபாசிட்டியில் எடுத்து, விளிம்பை ஒட்டிய வானத்திலிருந்து சாம்பிள் எடுத்து மூடலாம். இவ்வளவு சிறிய இடத்தில் நான் இரண்டாவதையே செய்வேன். 80%-இல் கலப்பு வளையம் ஓரிரு பிக்சலுக்கு மேல் போவதில்லை.

கோபுரத்தின் மேலேயே கம்பி ஓடும் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சிற்பங்களின் வடிவமே நாய்ஸை மறைத்துவிடும். அங்கே ஒரே சிற்பத்தின் கை இரண்டு இடத்தில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

## கண்ணை நம்பாமல் சோதிப்பது

நீக்கி முடித்த உடனே உங்கள் கண் பழகிப்போயிருக்கும். ஆகவே மூன்று சோதனைகளைச் செய்யுங்கள். மூன்றையும் பிறகு அழித்துவிடப்போகும் ஒரு தற்காலிக லேயரில் செய்யலாம். Ctrl+Alt+Shift+E அழுத்தினால் தெரியும் எல்லாமும் சேர்ந்த ஒரு பிரதி மேலே உருவாகும்.

முதல் சோதனை அளவெடுப்பது. அந்தப் பிரதியில் Filter > Other > High Pass சென்று 3 பிக்சல் கொடுங்கள். வானத்தின் நிறமாற்றம் நீங்கி, சாம்பல் தளத்தில் நாய்ஸ் மட்டும் நிற்கும். ஹிஸ்டோகிராம் பேனலை Expanded View-இல் திறந்தால் Std Dev என்ற எண் தெரியும். பேனலில் எச்சரிக்கை முக்கோணம் இருந்தால் அதை அழுத்திப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். தொடாத வானத்தில் 200 × 16 பிக்சல் அளவில் ஒரு செலக்‌ஷன் போட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே செலக்‌ஷனை நீக்கிய பட்டையின்மேல் நகர்த்திப் பாருங்கள். வானத்தில் 3.0, பட்டையில் 2.9 என்றால் கவலையில்லை. 2.1 என்றால் அது அந்த 71% கணக்கு. எங்கோ பாதிக்குப்பாதி கலந்திருக்கிறீர்கள். 1.2 என்றால் குறைந்த ஒபாசிட்டியில் பலமுறை பூசியிருக்கிறீர்கள், அல்லது மூலமே வழவழப்பானது. High Pass செய்யாமல் நேராக வானத்தில் அளந்தால், வானத்தின் இயல்பான நிறச்சரிவும் எண்ணில் சேர்ந்துகொண்டு குழப்பும்.

இரண்டாவது, அதே லேயரில் Ctrl+L அழுத்தி, Levels-இல் கறுப்பை 108 என்றும் வெள்ளையை 148 என்றும் வைப்பது. நாய்ஸ் மிகைப்பட்டுப் படம் முழுக்க மணல் பரப்பாகும். வழவழப்பான இடங்கள் அதில் சாம்பல் திட்டுகளாக நிற்கும். திட்டின் வடிவமே காரணத்தைச் சொல்லும்: இரு இணைகோடுகள் என்றால் மென்மையான பிரஷ், வட்ட வளையங்கள் என்றால் மென்மையான பிரஷ்ஷால் ஒற்றை ஒற்றையாக அழுத்தியது, முழுப் பட்டையும் சாம்பல் என்றால் ஒபாசிட்டி அல்லது மூலம்.

மூன்றாவது, மறுபடி வருதலைக் கண்டுபிடிப்பது. முந்தைய சோதனை லேயரை மறைத்துவிட்டு, High Pass செய்யாத புதிய பிரதி ஒன்றை எடுத்து, அதன் பிளெண்ட் மோடை Difference ஆக்குங்கள். கீழே உள்ளதும் மேலே உள்ளதும் ஒன்றே என்பதால் படம் முழுதும் கறுப்பாகும். இப்போது மூவ் கருவியால் அம்பு விசைகளை அழுத்தி அந்த லேயரை மெல்ல நகர்த்துங்கள். நாய்ஸ் பொருந்தாததால் படம் முழுக்கப் புள்ளிகள் தெறிக்கும். நகர்த்திய தூரம், பிரதி எடுத்த தூரத்துடன் சரியாகப் பொருந்தும் கணத்தில், அந்த இடம் மட்டும் ஒரு துளிப் புள்ளியும் இல்லாத அடர்கறுப்பாகிவிடும். ஹீலிங் பிரஷ் நிறத்தை மாற்றியிருந்தால் அடர்கறுப்புக்குப் பதில் புள்ளியற்ற மங்கல் நிறமாகத் தெரியலாம். கறுப்பான திட்டு ஒன்று மட்டும் இருப்பது எதிர்பார்த்ததே. பிரதி என்றாலே ஓரிடத்தில் மூலம் இருக்கத்தான் செய்யும். ஒரே நகர்வில் பல திட்டுகள் வரிசையாகக் கறுத்தால்தான் அது ஏணிப்படி. இதற்கு மேல் ஒரு Levels அட்ஜஸ்ட்மென்ட் லேயரை வைத்து, வெளிச்சத்தைச் சற்று உயர்த்திப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்.

## ஏற்கெனவே வழவழப்பாகிவிட்டால்

தனி லேயரில் வேலை செய்திருந்தால், கெட்ட துண்டை மட்டும் இரப்பரால் அழித்துவிட்டு 4-ஆம் படியிலிருந்து திரும்பச் செய்வதே விரைவானது. செயற்கை நாய்ஸ் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே கருதுகிறேன். ஆயினும் சேமித்துவைத்த பழைய ஜேபெக் மட்டுமே கையில் இருக்கும் நிலை வரும்; அப்போது இப்படிச் செய்யலாம்.

Layer > New > Layer சென்று, Mode-ஐ Overlay ஆக்கி, 50% சாம்பலால் நிரப்பும் பெட்டியில் டிக் செய்யுங்கள். சாம்பல் லேயர் படத்தை எதுவும் செய்யாது. அதன்மேல் Filter > Noise > Add Noise, 6%, Gaussian, Monochromatic. ரா கன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் நிற நாய்ஸை முன்கூட்டியே நீக்கிவிடுவதால், மிஞ்சுவது பெரிதும் வெளிச்ச நாய்ஸ்தான். ஆகவே Monochromatic பொருந்தும். இப்படிச் சேர்த்த நாய்ஸ் ஒவ்வொரு பிக்சலும் தனித்தனியாகக் கூர்மையாக நிற்கும். கேமராவின் நாய்ஸோ இரண்டு மூன்று பிக்சல் சேர்ந்த குருணைகளாக இருக்கும். Gaussian Blur 0.5 முதல் 0.8 வரை கொடுத்து, பக்கத்து வானத்தின் குருணை அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு லேயருக்குக் கறுப்பு மாஸ்க் போட்டு, வழவழப்பான இடத்தில் மட்டும் வெள்ளையால் தீட்டி, லேயரின் ஒபாசிட்டியைக் குறைத்துக்கொண்டே வந்து பொருத்துங்கள்.

எவ்வளவு சேர்ப்பது என்பதில் ஒரு பொறி உண்டு. வானத்தில் 3.0, பட்டையில் 2.1 என்றால், குறைவது 0.9 என்று தோன்றும். தொடர்பில்லாத நாய்ஸ்கள் அப்படி நேராகக் கூடுவதில்லை. அவற்றின் வர்க்கங்களே கூடும்.

```
√(3.0² − 2.1²) ≈ 2.1
```

சேர்க்கவேண்டியது ஏறக்குறைய 2.1, கண்மதிப்பாகச் செய்பவர்கள் எப்போதும் குறைவாகச் சேர்த்துவிட்டு, பட்டை இன்னும் தெரிகிறதே என்று வியப்பது இதனால்தான். ஒபாசிட்டியை மாற்றிய பிறகு மறுபடி பிரதி எடுத்து, High Pass 3 கொடுத்து, Std Dev-ஐ அளந்து பாருங்கள். பட்டையின் எண் வானத்தின் எண்ணுக்கு 5% அருகே வந்துவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம். மாலை வானத்தில் அடுத்தடுத்த இரு இடங்களை அளந்தாலே அவ்வளவு வேறுபாடு இருக்கும்.

மறுபடி வரும் நாய்ஸுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அங்கே நாய்ஸ் ஏற்கெனவே முழு அளவில் இருப்பதால், மேலே சேர்ப்பது அந்த இடத்தை முரடாக்குமே தவிர ஒரே வடிவம் திரும்புவதை அழிக்காது. வரிசையாக வந்திருக்கும் துண்டுகளில் ஒன்றுவிட்டு ஒன்றை, தொடாத வானத்திலிருந்து புதிய சாம்பிள் எடுத்து, கடினமான பிரஷ்ஷால் ஒரே தடவையில் மாற்றிவிடுங்கள். பின்னர் துண்டுகள் சந்திக்கும் இடங்களில் மட்டும் Levels சோதனையை இன்னொருமுறை ஓட்டிப்பார்த்துவிட்டு, தற்காலிக லேயர்களை நீக்கி, அச்சுக்கான ஷார்ப்பனிங்கைத் தொடங்கலாம்.